ஐந்து வார இருமலும் பேறுகாலத்துக்கு வரும் மகளும்

*டாக்டருக்கு வணக்கம். எனக்கு 52 வயது. கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸில் முந்திரிப் பருப்பு உரிக்கும் வேலை. ஐந்து வாரமாக இருமல். காய்ச்சல் கிடையாது, சளியும் பெரிதாகக் கிடையாது. தொண்டைக்குள் தூசி ஒட்டிக்கொண்ட மாதிரி அரிக்கும், உடனே இருமல் தொடங்கிவிடும். ராத்திரியில் இருமி இருமி இரண்டு மூன்று தடவை வாந்தியே வந்துவிட்டது. எக்ஸ்ரே சுத்தம். காறி எடுத்துக் கொடுத்த சளியில் டிபி இல்லை. தூசி அலர்ஜி என்று மாத்திரையும் வாயில் உறிஞ்சுகிற மருந்தும் தந்தார்கள், குறையவில்லை. நடுவில் ஆபீஸ் பத்து நாள் மூடிக் கிடந்தது, அப்போதும் அதே இருமல்தான். லீவுக்கு வந்து நின்ற தங்கை மகனுக்கு (13 வயது) இருமல் இருந்தது. அவன் வந்து பத்து நாள் கழித்து எனக்கு ஜலதோஷம் பிடித்தது, அது ஒரு வாரத்தில் இருமலாக மாறியது. இப்போது எட்டு நாளாக வீட்டுக்காரருக்கும் மூக்கொழுகலும் லேசான இருமலும். திருவனந்தபுரத்தில் இருக்கும் மகள் எட்டு மாதக் கர்ப்பிணி. மூன்று வாரத்தில் பேறுகாலத்துக்கு வருகிறாள். இது தொற்றுகிற இருமலா?*

அம்மா, உங்களுக்கு வந்திருப்பது கக்குவான் இருமலாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கக்குவான் தொற்றும். ஆனால் உங்களிடமிருந்து தொற்றும் காலம் அநேகமாக முடிந்துவிட்டது. இப்போது அவசரமாகப் பார்க்க வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர். அவரை நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

கக்குவான் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சின்னப் பிள்ளைகள்தான். விடாமல் இருமி, முகம் சிவந்து, கடைசியில் 'ஊப்' என்று சத்தத்தோடு மூச்சை இழுக்கும் பிள்ளை. பெரியவர்களுக்கு அந்தச் சத்தம் பெரும்பாலும் வருவதில்லை. நம் மூச்சுப்பாதை குழந்தையுடையதைவிட அகலம். அதோடு, சிறு வயதில் போட்ட ஊசியாலோ எப்போதோ வந்துபோன தொற்றாலோ உடம்பில் கொஞ்சம் எதிர்ப்பு மிஞ்சியிருக்கும். அந்த அரைகுறை எதிர்ப்பு நோயைத் தடுக்காது, அதன் முகத்தை மட்டும் மாற்றிவிடும். மிஞ்சுவது நீங்கள் எழுதியிருக்கும் அந்த இருமல்தான்: வறட்டு இருமல், தொண்டையில் அரிப்பு, ராத்திரியில் அதிகம், காய்ச்சல் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய விஷயம் இருமலின் தன்மைகூட இல்லை, நாள் கணக்குதான். சாதாரண ஜலதோஷக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக ஒன்று முதல் மூன்று நாள் போதும். வீட்டில் ஒருவர் தும்மினால் அதே வாரத்தில் எல்லோரும் தும்முவார்கள். கக்குவான் கிருமி அப்படி அவசரப்படாது. உள்ளே போய் அறிகுறி காட்ட வழக்கமாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், சிலருக்கு மூன்று வாரம்வரை ஆகலாம். தங்கை மகன் இருமலோடு வந்தான், பத்து நாள் கழித்து உங்களுக்கு ஜலதோஷம். சரி, இப்போது வீட்டுக்காரர் கணக்கைப் பாருங்கள். அவருக்குத் தொடங்கி எட்டு நாள். அதிலிருந்து ஏழு முதல் பத்து நாள் பின்னால் போனால், அவருக்குத் தொற்றியது இன்றைக்குச் சுமார் பதினைந்து முதல் பதினெட்டு நாளுக்கு முன்னால். அது உங்கள் இருமலின் மூன்றாவது வாரம். மருந்து எடுக்காத ஒருவரிடமிருந்து கக்குவான் பரவுவது ஜலதோஷம் தொடங்கிய நாள் முதல் இருமல் வந்து மூன்று வாரம்வரை. அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியில் அவருக்குப் போயிருக்கிறது. இப்படி வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஒரே குடும்பத்தில் இருமல் ஆள் மாறுவதைக் கேட்டால் எந்த டாக்டருக்கும் கக்குவான் ஞாபகம் வர வேண்டும்.

ஆனால் வருவதில்லை. அதற்கு டாக்டர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இந்த நோயின் போக்கே அப்படி.

முதல் ஒன்று இரண்டு வாரம் அது வெறும் ஜலதோஷம். மூக்கொழுகல், லேசான தொண்டைக் கரகரப்பு, எப்போதாவது ஓர் இருமல். யாராலும் வேறுபடுத்திச் சொல்ல முடியாது. சுக்குக் காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போவோம், டாக்டரிடம் போக மாட்டோம். கிருமி ஏராளமாக இருப்பதும், அதிகமாகப் பரவுவதும், பரிசோதனையில் சுலபமாகப் பிடிபடுவதும், மருந்து நன்றாக வேலை செய்வதும் அந்த நாட்களில்தான். அப்புறம் இருமல் முற்றி, தூக்கம் கெட்டு, வாந்தி வந்து, நாம் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது மூன்று நான்கு வாரம் ஓடியிருக்கும். அதற்குள் கிருமி பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அது செய்துவிட்டுப் போன சேதம் மட்டும் மிச்சம்.

அந்தச் சேதம் என்னவென்று தெரிந்தால், கிருமி போன பிறகும் ஏன் இருமுகிறோம் என்பது புரியும். மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக் கொண்டுவருவது அவற்றின் வேலை. கக்குவான் கிருமி போய் ஒட்டிக்கொள்வது இந்த இழைகளில்தான். அது வெளியிடும் நஞ்சு அந்த இழைகள் உள்ள செல்களைக் கொன்றுவிடுகிறது. நாற்று அழுகிப்போன வயலில் தண்ணீரை வடித்துவிட்டால் மறுநாளே பயிர் நிற்காது, மறுபடி முளைத்து வரவேண்டும். அந்த மாதிரி இந்த இழைகளும் மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உள்சுவர் புண்ணான தோல் போல எதற்கும் கூசும். குளிர்ந்த காற்று, அடுப்புப் புகை, வேகமான பேச்சு, சிரிப்பு, ஒரு வாய் தண்ணீர் என்று எது பட்டாலும் இருமல் கிளம்பும். நூறு நாள் இருமல் என்று சீனாவில் இதற்குப் பெயர். பல பேருக்கு அந்தப் பெயர் சரியாகவே இருக்கும்.

டாக்டருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கக்குவான் உள்ள பெரியவர் இரண்டு இருமலுக்கு நடுவே முழு ஆரோக்கியமாக இருப்பார். என் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து தெளிவாகப் பேசுவார். ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது. ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும், எக்ஸ்ரேயும் சுத்தம். குழந்தைகளுக்கு ரத்தத்தில் லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறிக் காட்டிக்கொடுக்கும், பெரியவர்களுக்கு அதுவும் பெரும்பாலும் ஏறாது. கையில் ஆதாரமாக ஒன்றும் இல்லாதபோது, வேலை செய்யும் இடத்தைக் கேட்டுவிட்டு தூசி அலர்ஜி என்று எழுதுவது இயல்பாக நடக்கிறது. அண்டி ஆபீஸ் என்றால் தோல் தூசியும், வறுக்கிற இடத்துப் புகையும் உண்டு. அது தொண்டையைக் காந்தவைக்கும் என்பது உண்மைதான், அதனால் அந்த முடிவு நம்பும்படியாகவும் இருக்கிறது. ஆனால் தூசியால் வரும் இருமல் தூசியை விட்டு விலகினால் குறைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லேசாகி, திங்கட்கிழமை ஏறும். பத்து நாள் ஆலை மூடியும் ஒரு மாற்றமும் இல்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே அலர்ஜி என்ற முடிவை ஆட்டிவிடுகிறது. போகும் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அதைவிட நல்ல சாட்சி ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ராத்திரி இருமல் வரும்போது யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். டாக்டர் அறையில் ஒருபோதும் தெரியாதது அதில் தெரியும். நான் அப்படி ஒரு வீடியோவில் பார்ப்பது இதைத்தான்: ஒரே மூச்சில், நடுவில் காற்றை உள்ளே இழுக்காமலே, பத்துப் பதினைந்து இருமல் அடுக்கடுக்காக வருகிறதா? கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வழிந்து, முகம் சிவக்கிறதா? கடைசியில் ஆவென்று ஆழமாக ஒரு மூச்சு இழுக்கிறாரா? இழுத்ததும் குமட்டுகிறதா? பிறகு வியர்த்து, அசந்துபோய்ச் சுவரில் சாய்கிறாரா? ஆஸ்துமா இருமல் இப்படி இருக்காது. அதில் ஒவ்வோர் இருமலுக்கும் நடுவே மூச்சு உண்டு, மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரி சத்தம் கேட்கும், உறிஞ்சுகிற மருந்து எடுத்தால் கொஞ்சமாவது தணியும். இருமலைத் தொடர்ந்து வரும் வாந்தி பெரியவர்களில் கக்குவானை நோக்கி விரல் நீட்டும் அடையாளங்களில் முக்கியமானது. அதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். இருமும்போது சிறுநீர் கசிவதையும் அப்படித்தான் மறைக்கிறார்கள். இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிறு வயதில் ஊசி போட்டிருப்பார்களே, எப்படி வரும் என்று கேட்பீர்கள். உங்கள் வயதில் ஊசி போட்டிருக்கவே வாய்ப்பு குறைவு. நாடு முழுவதற்குமான தடுப்பூசித் திட்டம் 1978-இல்தான் தொடங்கியது, எல்லா மாவட்டத்துக்கும் விரிவான திட்டமாக ஆனது 1985-க்குப் பிறகு. போட்டிருந்தாலும் அதன் காவல் ஆயுளுக்கும் நிற்காது. நான்கு முதல் பன்னிரண்டு வருடத்தில் கரைந்துவிடும். ஒருமுறை நோயே வந்துபோனாலும் கிடைக்கும் எதிர்ப்பு நிரந்தரமில்லை. தங்கை மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுத் திட்டப்படி கக்குவானுக்கான கடைசி ஊசி ஐந்து ஆறு வயதில். பத்து வயதில் போடும் டிடி ஊசியில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும்தான் மருந்து இருக்கிறது, கக்குவானுக்கு இல்லை. ஆகவே பதின்மூன்று வயதில் அவனுடைய எதிர்ப்பு தேய்ந்துகொண்டிருக்கும். அடிபட்டபோது போட்ட டிடி ஊசிகளும் அப்படியே. எத்தனை போட்டிருந்தாலும் கக்குவானுக்கு அவை கணக்கில் வராது.

இனி செய்ய வேண்டியதற்கு வருவோம். வீட்டுக்காரரிடமிருந்து தொடங்குவோம்.

அவருக்கு நோய் தொடங்கி எட்டு நாள்தான். பரிசோதனையும் மருந்தும் பலன் தரும் காலம் இது. கோவிட் நேரத்தில் மூக்குக்குள் ஆழமாகக் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே இடத்திலிருந்து மாதிரி எடுத்து பிசிஆர் செய்ய வேண்டும். தொண்டையில் மட்டும் தடவி எடுத்தால் போதாது, கிருமி தங்குவது மூக்கின் பின்பகுதியில். எல்லா ஆய்வகத்திலும் கக்குவான் பிசிஆர் இருக்காது, அதனால் போவதற்கு முன்னால் போனில் கேட்டுவிடுங்கள். மாதிரியை வெளியூருக்கு அனுப்பிச் செய்வதாகச் சொன்னாலும் சரிதான். முக்கியமாக, குச்சி எடுத்த பிறகுதான் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். முந்தின நாளே மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மாதிரி எடுத்துவிட்டால் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டுக்கு நிறைமாதக் கர்ப்பிணி வரப்போகிறாள் என்று சொன்னால், சந்தேகத்தின் பேரிலேயே டாக்டர் மருந்து தொடங்கலாம்.

வழக்கமான மருந்து அசித்ரோமைசின். பெரியவர்களுக்கு முதல் நாள் 500 மில்லிகிராம், அடுத்த நான்கு நாள் தினம் 250 மில்லிகிராம். ஐந்து நாளும் முடித்தால் அவரிடமிருந்து பரவாது. ஆனால் இதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும், வேறு சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இது ஆபத்தாகலாம். அவர் தினம் எடுக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த ஐந்து நாளும் அவர் தனி அறையில் படுக்கட்டும், கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீடுகளுக்குப் போக வேண்டாம். மருந்து எடுத்தும் இருமல் உடனே நின்றுவிடவில்லையே என்று அவர் கேட்பார். தொடக்கத்திலேயே எடுத்தால் இருமலின் கடுமை குறைய வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி சொல்ல முடியாது. பரவுவதை நிறுத்தத்தான் முதலில் இந்த மருந்து.

உங்களுக்கு? இருமல் தொடங்கி மூன்று வாரம் தாண்டிவிட்டதால் அசித்ரோமைசினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் பரிசோதனையும் இப்போது வீண். நான்கு வாரத்துக்கு மேல் அதில் கிருமி அகப்படுவது அபூர்வம், 'இல்லை' என்று வரும் முடிவை வைத்துக்கொண்டு கக்குவான் இல்லை என்று நினைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. உங்கள் கட்டத்தில் உதவக்கூடியது ரத்தப் பரிசோதனை. கக்குவான் நஞ்சுக்கு எதிரான ஐஜிஜி என்று கேட்க வேண்டும். இருமல் தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் எடுத்தால் அது நம்பத்தக்கது. சில ஆய்வகங்கள் கக்குவானுக்கு ஐஜிஎம் என்று வேறொன்றைச் செய்து தருவார்கள், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. கடந்த ஒரு வருடத்தில் கக்குவான் ஊசி போட்டிருந்தாலும் ஐஜிஜி குழப்பும், உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இதைக் கட்டாயம் செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரருக்கு பிசிஆரில் உறுதியானால் உங்களுக்கும் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம், அந்தப் பணம் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. நான் கடிதத்தை வைத்துச் சொல்கிறேன், உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. ஐந்து வார இருமலில் கக்குவானைத் தவிர விட்டுவிடக் கூடாதவை சில உண்டு. டிபி இல்லை என்று வந்தது சரி, ஆனால் வறட்டு இருமலில் காறி எடுப்பது பல நேரம் வெறும் எச்சிலாகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு வாரத்தில் இருமல் தணியத் தொடங்காவிட்டாலோ, மாலைக் காய்ச்சலோ எடை குறைவோ தெரிந்தாலோ, அரசு மருத்துவமனையில் காலையில் எழுந்ததும் ஆழத்திலிருந்து எடுத்த சளியைக் கொடுத்து மறுபடி பாருங்கள், அது இலவசம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரைகள் இதே போன்ற வறட்டு இருமலைத் தரும், மாற்றிக் கொடுத்தால் சில வாரத்தில் நின்றுவிடும். அப்புறம், யானைக்கால் கிருமியால் வரும் ஒருவகை நுரையீரல் ஒவ்வாமையும் ராத்திரி வறட்டு இருமலாகத்தான் வரும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் எண்ணிக்கை மிக அதிகமாக ஏறியிருப்பதை வைத்து அதைப் பிடிக்கலாம், அதற்குத் தனி மருந்து உண்டு. இருமலில் ரத்தம், படுத்தால் மூச்சு முட்டுதல், விலாவில் ஒரே இடத்தில் குத்துவலி, இருமி மயங்கி விழுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கடுமையாக இருமி விலா எலும்பு முறிந்தவர்கள் உண்டு.

இருமலுக்கு என்ன செய்வது என்பதில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிரப், அலர்ஜி மாத்திரை, உறிஞ்சுகிற மருந்து எதுவும் கக்குவான் இருமலை நிறுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. பாட்டில் பாட்டிலாக வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரிப்பு தொடங்கும்போதே ஒரு மிடறு குடியுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்து, நேரத்தோடு முடித்தால் வாந்தி குறையும். விறகடுப்புப் பக்கம் கொஞ்ச நாள் போகாதீர்கள், வேலையில் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியும் மார்த்தாண்டம் தேனும் உங்கள் தொண்டைக்கு இதமாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பிறக்கப்போகும் பேரப்பிள்ளையின் நாக்கில் பெரியவர்கள் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், அதைக் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் தசைகளைத் தளரவைத்துவிடும்.

மகள் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பெரியவர்களுக்குக் கக்குவான் தொல்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உயிராபத்து. அத்தனை சின்னக் குழந்தைக்கு இருமலே வராமல் போகலாம். பால் குடிப்பது குறையும், திடீரென்று மூச்சு சில நொடி நின்றுபோகும், உதடு நீலமாகும். கக்குவானுக்கும் மருந்து உள்ள முதல் பென்டாவேலன்ட் ஊசி குழந்தைக்கு ஆறாவது வாரத்தில்தான். அதுவரை அதற்குக் காவல் அம்மாவிடமிருந்து தொப்புள்கொடி வழியாகப் போகும் எதிர்ப்பு மட்டுமே. அந்த எதிர்ப்பை உண்டாக்க டிடாப் என்று ஓர் ஊசி இருக்கிறது. கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் போட வேண்டும். எதிர்ப்பு ஊற இரண்டு வாரமாவது வேண்டும், அதனால் எட்டு மாதம் ஆகிவிட்ட உங்கள் மகளுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. கர்ப்பத்தில் ஏற்கெனவே ஊசி போட்டாச்சு என்று அவள் சொன்னால், அது அரசுத் திட்டத்தில் போடும் டிடியாக இருக்கும், அதில் கக்குவானுக்கு மருந்து இல்லை. டிடி போட்டிருந்தாலும் டிடாப் போடலாம், இடையில் இத்தனை நாள் விட வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. இன்றைக்கே போன் செய்து, திருவனந்தபுரத்தில் அவள் பார்க்கும் டாக்டரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும்.

அவள் வருகிற மூன்று வாரத்தில் நீங்கள் இருமிக்கொண்டுதான் இருப்பீர்கள். அதைப் பார்த்து அவள் பயப்பட வேண்டாம். அப்போது உங்களுக்கு எட்டாவது வாரம், அது தொற்றாது. வீட்டுக்காரரும் மருந்தை முடித்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது புதிய மூக்கொழுகலை. அவரோடு ஒரே வீட்டில் புழங்கும் வேறு யாருக்காவது அடுத்த மூன்று வாரத்துக்குள் ஜலதோஷம் தொடங்கினால், அது லேசாக இருந்தாலும், இதே பரிசோதனையும் ஐந்து நாள் மருந்தும் அவருக்கும் வேண்டும். அது முடியும்வரை மகளை திருவனந்தபுரத்திலேயே நிற்கச் சொல்லுங்கள், அல்லது அந்த ஆளை வேறு வீட்டில் தங்கவையுங்கள். பரிசோதனையில் உறுதியானால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அண்டி ஆபீஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களில் யாராவது கர்ப்பமாக இருந்தாலோ, வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்தாலோ, அவர்களிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்களில் யாருக்காவது இருமல் தொடங்கியிருந்தால் மூன்று வாரம் ஆவதற்குள் அவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு, பால் குடிப்பதில் திடீர்ச் சுணக்கமோ மூச்சு நின்று நின்று வருவதோ தெரிந்தால், மருந்துக் கடையில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நேரே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கோ கொண்டுபோங்கள். வீட்டில் பெரியவர்களுக்குக் கக்குவான் இருந்தது என்பதை உள்ளே நுழைந்ததுமே சொல்லுங்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரத்து ஊசிகளை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம், லேசான ஜலதோஷம் இருந்தால்கூட.